அசோகர் நம்மை வாயை மூடச் சொன்னாரா?

கடந்த ஆண்டு ஒரு கருத்தரங்கில் தோழர் ஒருவர் மனுஸ்மிருதியை விமர்சித்துப் பேசினார். கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "பிற சமயங்களைப் பழிக்காதே என்று அசோகரே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார். நீங்கள் கொண்டாடும் பௌத்த அரசர் சொன்னதையாவது கேளுங்கள்" என்றார். அரங்கில் கைதட்டல். பேசியவருக்கு உடனே பதில் வரவில்லை. அசோகர் கல்வெட்டுகளைப் படிப்பதே வேலையாக இருக்கும் எனக்கும் அன்று எழுந்து பேசத் தோன்றவில்லை. அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன்.

அவர் சொன்னது பெரும்பாறைக் கல்வெட்டு வரிசையில் 12ஆவது. "அசோகர் எல்லா மதங்களையும் சமமாக மதித்தார்" என்று பள்ளிப் பாடநூல் ஒரே வரியில் கடந்துபோகும் கல்வெட்டு அது. ஆனால் அதில் 'மதம்' என்ற சொல் இல்லை. இருப்பது 'பாசண்டம்'. துறவிகளும் இல்லறத்தாருமாக ஒரு கொள்கையைப் பின்பற்றிய குழுவை அது குறிக்கிறது. பௌத்த சங்கம், ஆசீவகர், நிகண்டர் எனப்பட்ட சமணர், பார்ப்பனர் எல்லோரும் அவர் கணக்கில் பாசண்டங்கள்தாம். ஆப்கானிஸ்தானின் கந்தகாரில் இதே கல்வெட்டின் ஒரு பகுதி கிரேக்கத்தில் கிடைத்திருக்கிறது. அதை மொழிபெயர்த்தவர் பாசண்டத்துக்குப் போட்ட சொல் 'தியாத்ரிபே', அதாவது தத்துவப் பள்ளி. கோயிலையோ கடவுளையோ வைத்து அவர் அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளவில்லை. தம்முள் ஓயாமல் வாதம் செய்துகொண்டிருந்த குழுக்களைப் பற்றித்தான் பேச்சு.

இனி அரசர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். எல்லாப் பாசண்டங்களுக்கும் தானமும் மரியாதையும் செய்கிறேன்; ஆனால் அவற்றைவிட எனக்கு முக்கியம் 'சாரவடி', அதாவது ஒவ்வொரு பாசண்டத்தின் சாரமும் வளர்வது. அதற்கு வேர் 'வசகுத்தி', நாவைக் காத்தல். இதற்கு அடுத்த வாக்கியத்தைத்தான் அந்தப் பெரியவர் பாதியில் விட்டார். தன் பாசண்டத்தைப் புகழ்வதும் பிறர் பாசண்டத்தைப் பழிப்பதும் பொருத்தமற்ற இடத்தில் கூடாது. உரிய இடத்திலும் அளவோடு இருக்கட்டும் என்கிறது கல்வெட்டு. 'பிரகரணம்', 'அப்பிரகரணம்' என்று இரண்டு நிலைகளை அரசர் பிரிக்கிறார். பழிக்கவே கூடாது என்று நினைத்திருந்தால் இந்தப் பிரிவினை தேவைப்பட்டிருக்காது. விமர்சனத்துக்கு இடம் உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் அளவைப் பற்றிப் பேசுகிறார். தற்புகழ்ச்சிக்கும் அதே கட்டுப்பாடுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். தன் பாசண்டத்தின் மீதுள்ள பற்றால் அதை உயர்த்திப் பேசுகிறவன் தன் பாசண்டத்துக்கே பெருங்கேடு செய்கிறான் என்கிறார். "எங்கள் தர்மமே உலகில் மூத்தது" என்று மேடைதோறும் முழங்குவோருக்கு இந்த வாக்கியத்தை யாரும் எடுத்துக்காட்டி நான் பார்த்ததில்லை.

பிறகு வருகிறது புகழ்பெற்ற வரி. கிர்நார் பாறையில் 'சமவாயோ ஏவ சாது' என்றிருக்கிறது. கூடியிருத்தலே நல்லது, ஒருவர் தம்மத்தை மற்றவர் கேட்க வேண்டும், கேட்க விரும்பவும் வேண்டும். இதே வரி ஷாபாஸ்கரியில், இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில், 'சயமோ' என்று வெட்டப்பட்டிருக்கிறது. சயமம் என்றால் அடக்கம். அதே வட்டாரத்து மான்சேராவில் 'சமவாயே' என்றே இருப்பதால், வடமேற்கு முழுக்க வேறு பாடம் வழங்கியது என்றும் சொல்ல முடியாது. எழுதியவர் பிழை என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாவடக்கத்தைப் பற்றிய பத்தியில் 'அடக்கம்' என்று வெட்டியவருக்கு அது இயல்பாகவே பொருந்தியிருக்கும். கந்தகாரின் கிரேக்கப் பாடமும் தன்னடக்கத்தையே முன்னால் வைக்கிறது. நாவை ஆள்பவனே தன்னை மிக ஆள்பவன் என்கிறது. கூடி உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்பது வேறு, அவரவர் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது வேறு. ஒரே ஆணையை ஊருக்கு ஊர் இப்படி இரண்டு விதமாக வாசித்திருக்க முடியும். பெரியவர் கேட்டது இரண்டாவது மட்டும்.

அரசர் தம் சொல்லைத் தாமே காப்பாற்றினாரா? முதல் கல்வெட்டிலேயே எந்த உயிரையும் கொன்று வேள்வி செய்யக் கூடாது என்று தடை போடுகிறார். வேள்வியை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அது சிறு அடியாக இருந்திருக்காது. 9ஆவது கல்வெட்டில், நோய், திருமணம், பிள்ளைப்பேறு, பயணம் என்று மக்கள் சடங்கு செய்வதைச் சொல்லிவிட்டு, பெண்கள் செய்யும் பலவகைச் சடங்குகள் அற்பமானவை, பொருளற்றவை என்கிறார். இது உரிய இடமா, அளவான பழிப்பா? பாசண்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு அரசவைக்கு வந்து வாதிட முடிந்தவர்களுக்குத்தான் நாவடக்கத்தின் பாதுகாப்பு. வீட்டுக்குள் பெண்கள் வைத்திருந்த வழிபாட்டுக்கு அது இல்லை. சடங்கை எதிர்க்கும் நமக்கு இந்த வரி இனிக்கலாம். அதனாலேயே கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். அந்தக் கல்வெட்டு தம்ம மங்கலமாக முதலில் சொல்வது அடிமைகளையும் பணியாட்களையும் முறையாக நடத்துவதை. முறையாக நடத்தச் சொன்னார், விடுவிக்கச் சொல்லவில்லை. பாசண்டங்களுக்கிடையே இணக்கம் வேறு, மனிதர்களுக்கிடையே சமத்துவம் வேறு. முதலாவதற்காக அசோகரைப் பாராட்டும்போது இரண்டாவதையும் அவர் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

எங்கே வெட்டப்படவில்லை என்பதும் சான்றுதான். ஒடிசாவின் தௌலியிலும் ஜௌகடாவிலும் 11, 12, 13ஆம் கல்வெட்டுகள் இல்லை. கலிங்கப் போரைப் பற்றி வருந்தும் 13ஆவதைக் கலிங்கத்தில் விட்டுவிட்டது பலருக்கும் தெரியும். இணக்கத்தைப் பேசும் 12ஆவதும் அங்கே விடுபட்டது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. வென்ற நாட்டு மக்களுக்கு அவற்றின் இடத்தில் கிடைத்தவை, அதிகாரிகளுக்கு எழுதிய இரண்டு தனி ஆணைகள்.

மனுவைப் பற்றித் தொடங்கிய பேச்சு என்பதால் அங்கேயே திரும்புகிறேன். அசோகருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது மனுஸ்மிருதி. அதன் 4ஆம் அத்தியாயம் பாசண்டிகளை வாய்ச் சொல்லால்கூட மதிக்காதே என்கிறது. 9ஆம் அத்தியாயம் சூதாடிகளோடு சேர்த்து அவர்களை நகரை விட்டே துரத்தச் சொல்கிறது. அசோகர் பார்ப்பனரையும் உள்ளடக்கிப் பயன்படுத்திய சொல், இங்கே வேதத்தை ஏற்காதவர்களுக்கான வசையாகிவிட்டது. இந்தியில் இன்று 'பாகண்ட்' என்றால் போலித்தனம். சிலப்பதிகாரத்தின் பாசண்டச் சாத்தன் இந்த இழிபொருள் ஒட்டாமல் தெய்வமாகவே நிற்கிறான். தமிழில் அந்தச் சொல்லுக்குக் கொஞ்ச காலம் மரியாதை மிஞ்சியிருந்தது போலும். ஆக, பிறரை வாய்ச் சொல்லாலும் மதிக்காதே என்ற நூலை விமர்சிப்பவரின் வாயை அடைக்க, நாவைக் காக்கச் சொன்ன கல்வெட்டை எடுத்துவந்தார் அந்தப் பெரியவர்.

பீகாரின் பராபர் குன்றில் அசோகர் தம் 12ஆம் ஆட்சியாண்டில் ஆசீவகர்களுக்குக் கொடுத்த குகைகள் இருக்கின்றன. கண்ணாடி போல மெருகேற்றிய சுவர்கள். பின்னாளில் மௌகரி அரசன் அனந்தவர்மன் அங்குள்ள குகையொன்றில் கிருஷ்ணன் சிலையை நிறுவி, தன் பெயரை வாசலில் வெட்டி வைத்தான். அந்தக் குன்றின் தானக் கல்வெட்டுகள் சிலவற்றில் அசோகரின் பெயரும் ஆண்டும் அப்படியே இருக்கின்றன. 'ஆசீவகர்களுக்கு' என்ற சொல்லை மட்டும் யாரோ உளி வைத்துக் கொத்தியிருக்கிறார்கள்.