கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டும் தாள்

பில் போடும் கம்ப்யூட்டரில் நெட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கடைகளுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் தாள்கள் பெரும்பாலும் நம் பாஷையில்தான் இருக்கின்றன. ‘ஐபி முகவரியைச் சரிபார்க்கவும்’, ‘டிஎன்எஸ் மாற்றிப் பார்க்கவும்’ என்றால் கல்லாவில் இருப்பவர் என்ன செய்வார்? எதிரே வரிசை நீளும்போது கண்ணால் பார்க்கிற, கையால் செய்கிற வேலையைத்தான் அவரிடம் கேட்க முடியும்.

தாளின் முதல் வரி ‘பில் போடுவதை நிறுத்தாதீர்கள்’ என்று இருக்கட்டும். மென்பொருளும் தரவும் அதே கம்ப்யூட்டரில் இருந்தால் சில்லறை பில்லுக்கு நெட் தேவையே இல்லை. ஆனாலும் திரையின் மூலையில் நெட் இல்லை என்ற குறியைப் பார்த்ததும் விற்பனையை நிறுத்திவிடும் கடைகள் உண்டு. மென்பொருள் இணையத்திலேயே ஓடும் கடை என்றால், கையால் எழுதும் பில் புத்தகம் எந்த டிராயரில் இருக்கிறது என்பதை அந்த வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்த வரிதான் தாளின் உயிர். கோளாறு கம்ப்யூட்டரிலா, கடைக்கு வரும் லைனிலா? இதைப் பிரிக்க ஒரு செல்போன் போதும். கடை வைஃபையில் போனை இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். டேட்டாவை அணைக்கச் சொல்ல மறந்தால் சோதனையே வீண்; வைஃபையில் நெட் இல்லாதபோது போன் சத்தமில்லாமல் சிம்முக்குத் தாவிவிடும், ஊழியரும் ‘போன்ல நல்லா வருது சார்’ என்பார். வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பதும் போதாது, பழைய செய்திகள் நெட் இல்லாமலும் தெரியும். புதிதாக ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் கடிகாரக் குறி நின்றுவிட்டால் போனிலும் நெட் இல்லை.

போனிலும் வரவில்லை என்றால் ஊழியர் மோடம் பெட்டிக்குப் போகட்டும். முதலில் அதில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பல கடைகளில் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸிலும் மோடம் சாதாரண பிளக்கிலும் இருக்கும். கரண்ட் போனதும் நெட் மட்டும் நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். ஃபைபர் இணைப்பில் ‘LOS’ என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் பெட்டிக்கு ஒளியே வந்து சேரவில்லை. மெல்லிய ஃபைபர் வயர் மடங்கியோ நசுங்கியோ இருக்கிறதா என்று பார்க்கலாம். அதைப் பிடுங்கக் கூடாது. மற்றபடி ஊழியர் செய்ய எதுவும் இல்லை, லைன்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். சிவப்பு இல்லை என்றால் பெட்டியை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டு, மூன்று நிமிடம் காத்திருக்கட்டும். ஒரு தடவை போதும். குச்சியால் அமுக்கும் ரீசெட் துளையை மட்டும் தொடவே கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள். அதை அமுக்கினால் நெட் கம்பெனியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகக்கூடும். அப்புறம் கால் மணி நேரக் கோளாறு ஒரு நாள் கோளாறாகிவிடும்.

போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால் மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். பெருக்கும்போது இடிபட்ட வயர் பாதி கழன்று தொங்கும். ‘டக்’ என்று சத்தம் வரும்வரை இரண்டு முனையையும் அழுத்தச் சொல்லுங்கள்.

வயர் சரியாக இருந்தும் வராத ஒரு வகை உண்டு, நம்மில் பலர் அதைத் தாளில் சேர்ப்பதில்லை. ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். இரவு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் போனில் நெட் இருக்கிறது, மோடம் விளக்குகள் பச்சை, வயர் இறுக்கம். ஆனால் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. திரையின் வலது மூலையில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பானதால் இணையதளங்களின் சான்றிதழ்களைக் கம்ப்யூட்டர் ஏற்க மறுக்கிறது. தேதியைத் திருத்தினால் நெட் வந்துவிடும், பேட்டரியை மாற்றும்வரை மறுநாள் காலையும் இதே கதைதான். பில்லிலும் அந்தத் தப்பான தேதியே அச்சாகியிருக்கலாம் என்பது இதைவிடப் பெரிய தலைவலி. ஆகவே ‘தேதி, மணி சரியா?’ என்ற கேள்வி தாளில் இருந்தே ஆக வேண்டும்.

இதோடு ஊழியரின் வேலை முடிந்தது. `ipconfig` தாளில் வேண்டாம். அவர் நம்மைக் கூப்பிட்ட பிறகு நாம் சொல்லச் சொல்ல அவர் தட்டட்டும். 169.254 என்று தொடங்கும் எண்ணைப் படித்தால் மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைக்கவில்லை என்று நமக்குப் புரிந்துவிடும்.

தாளின் அடியில் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும்: நெட் கம்பெனியின் புகார் எண், கடையின் வாடிக்கையாளர் எண், நம் எண். கூப்பிடும்போது ‘நெட் வரலை’ என்று மட்டும் சொல்லாமல், போனில் வந்ததா, சிவப்பு விளக்கு எரிகிறதா, தேதி சரியா என்ற மூன்றுக்கும் பதில் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பதில்களைக் கேட்டாலே நாம் கிளம்ப வேண்டுமா, லைன்காரர் போக வேண்டுமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.