நேரம் ஓடாத அடுப்பு

எங்க மூணு பேர்ல ஒருத்தருடைய மாமா மகனுக்கு எட்டு வயசு. இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டம் ஒண்ணுல லயத்துல இருக்கிறான். ஸ்கூல் விட்டு வந்ததும் பந்து தூக்கிட்டு ஓடுற ரகம் இல்ல. அடுப்பங்கரைக்குத்தான் போவான். வெங்காயம் உரிப்பான், மா குழைக்க கைய நீட்டுவான், தேத்தண்ணிக்கு சீனி எத்தனை கரண்டின்னு வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் மனசுல வச்சிருப்பான். பக்கத்து காம்பரா ஆக்கள் "பொம்பளப்புள்ள மாதிரி" என்று சிரிப்பாங்க. அதுக்கு அவன் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா போன வருசத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அடுப்படிய விட்டுட்டு போனுக்குள்ள போயிட்டான். போன்லயும் அவன் விளையாடினது சமையல் கேம்தான். அதனாலதான் நாங்க இத எழுதுறோம்.

அவன் விளையாடின கேம், பெயர் வேணாம், கடைக்காரனா ஆகிற கேம். ஆளுங்க வரிசையா வந்து நிப்பாங்க. ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் பொறுமையக் காட்டுற ஒரு பட்டை இருக்கும், அது நிமிசத்துக்கு நிமிசம் குறையும். கறி கருகிப்போகும் முன்னால எடுக்கணும், பட்டை சிவப்பாகும் முன்னால கொடுக்கணும், காசு சேக்கணும், அந்தக் காசுல பெரிய அடுப்பு வாங்கணும். கொஞ்ச நாள்ல காசு போதாது, ரத்தினக்கல்லு கேக்கும். கல்லுக்குப் பேர்போன ஊர்ல இருந்துகிட்டு போனுக்குள்ள கல்லுக்கு அழுறான் என்று அவன் அப்பாவே சிரிச்சார். விளம்பரம் பாத்தா ஒரு கல்லு தருவாங்களாம். வீட்டு ரீலோட் கார்ட்ல இருந்த டேட்டா மூணு நாள்ல முடிஞ்சுபோச்சு.

இந்த வகை கேமுக்கு ஒரு சரித்திரம் இருக்குது. 2000களின் தொடக்கத்துல கம்பியூட்டர்ல வந்த 'டைனர் டாஷ்'ல, ஆபீஸ் வேலைய விட்டுட்டு சாப்பாட்டுக்கடை போடுற ஃப்ளோ என்ற பெண்தான் நாயகி. ஓடி ஓடி மேசைகளுக்குப் பரிமாறுறதுதான் முழு விளையாட்டும். இன்னைக்கு போன்ல கிடக்கிற பாதி ரெஸ்டோரன்ட் கேம் அந்த ஓட்டத்துடைய பிள்ளைங்க. அதுல சமையல் இருக்கிற மாதிரி தெரியும், ஆனா இல்ல. ரொட்டி ஏன் கருகுது என்று அந்த கேம் சொல்லாது. நேரம் போச்சு, கருகிருச்சு, அவ்வளவுதான். சின்னவன் அதுல கத்துக்கிட்டது வெயிட்டர் வேலைய. அதுவும் மேனேஜர் பின்னால நின்னு கத்துற கடையில.

இந்த கேமெல்லாம் 'ஜாலியான சமையல் கேம்' என்ற பேர்லதான் விக்கிது. எங்களைக் கேட்டா, நேரத்தை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு என்று பாக்கணும். மிச்சம் ஒண்ணுமே இல்லைன்னா அது சமையல் கேம் இல்ல.

2006ல நின்டென்டோ டிஎஸ்க்கு வந்த 'குக்கிங் மாமா' கொஞ்சம் தேறும். வெட்டுறது, கிண்டுறது, திருப்புறது என்று ஒவ்வொரு வேலையா தனித்தனியா செய்ய வைக்கும், வாசல்ல வரிசை கிடையாது. போன்ல 'டோகா கிச்சன் 2' இருக்குது. அதுல புள்ளியும் கிடையாது, நேரமும் கிடையாது. என்னத்தையாவது சமைச்சு ஒரு பாத்திரத்துக்கு ஊட்டிவிட்டு அது மூஞ்சி சுளிக்குதா சிரிக்குதா என்று பாக்கிறதுதான். ஆறு வயசுக்கு அது போதும். எட்டு வயசுல, அதுவும் நிஜ அடுப்ப ஏற்கனவே பாத்தவனுக்கு, அது சீக்கிரம் சலிச்சிரும்.

கடைசியில நாங்க அவனுக்குக் காட்டினது 'வெண்பா'. கெம்பஸ் லீவுல ஒரு கூட்டாளியின் லேப்டொப்ப தூக்கிட்டுப் போனோம்.

தெரியாத ஆக்களுக்கு: கனடாவின் டொரன்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் என்ற சின்ன குழு 2023 ஜூலைல வெளியிட்டது. 2024ல பாஃப்டா கேம் விருதுகள்ல சிறந்த அறிமுக கேமுக்கான விருது வாங்கிச்சு. 1988ல தமிழ்நாட்டுல இருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவ புருசன் பாவலன், அங்க பொறந்த மகன் கவின், இந்த மூணு பேருடைய கதை. அம்மா கொடுத்த பழைய சமையல் குறிப்புப் புத்தகம் ஒண்ணுதான் வெண்பா கைல இருக்குது. அது கிழிஞ்சு, கறை படிஞ்சு, அங்கங்க எழுத்து அழிஞ்சு போயிருக்குது. அழிஞ்ச இடத்த நாம கண்டுபிடிக்கணும். கேம் முழுக்க அதுதான்.

முதல் சமையல் இட்லி. அவனுக்கு இட்லித் தட்டு அவ்வளவு பழக்கமில்ல, எங்க லயங்கள்ல ரொட்டிதானே கூடுதல். தட்டுகளை எப்படி அடுக்கிறது என்பதுதான் அங்க சிக்கல். ஒரு தட்டு குழிக்கு நேர் மேலே இன்னொரு தட்டு குழிய வச்சா கீழ உள்ள இட்லி பொங்கி மேல் தட்டுல முட்டும், ஆவிக்கும் வழி கிடைக்காது. மாத்தி மாத்தி அடுக்கணும். சின்னவன் முதல்ல பிழையா வச்சான். கேம் ஏசல, காசு வெட்டல. திரும்பச் செய்யலாம் என்று விட்டுருச்சு. அவன் எங்களைத் திரும்பிப் பாத்தான். "அவ்வளவுதானா? பிழைன்னா ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டான். மாசக்கணக்கா சிவப்புப் பட்டை பாத்த பிள்ளை.

புட்டு வந்ததும் எங்களை ஓரங்கட்டிட்டான். அவன் ஆச்சி குழல் புட்டு அவிப்பாங்க. அடியில ஓட்டை போட்ட தட்டு, அதுக்கு மேல தேங்காய்ப்பூ, அப்புறம் மா, திரும்ப தேங்காய்ப்பூ. நாங்க மாவை நல்லா அமத்தலாமேன்னு சொன்னோம். "அமத்தினா ஆவி மேல வராது, நடுவுல பச்சை மாவா கிடக்கும்" என்றான். சரிதான். குழல் வாயில ஆவி வர ஆரம்பிச்சாத்தான் வெந்துகிட்டிருக்கு என்று அர்த்தம், வராட்டி எங்கயோ அடைச்சிருக்கு. மாவுக்குத் தண்ணி தெளிக்கிறதுக்கும் ஆச்சியுடைய அளவு அவனுக்குத் தெரியும். கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரலால தட்டினா உதிரணும். கெம்பஸ்ல படிக்கிற எங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது என்பதுல அவனுக்கு வந்த சந்தோசம் இருக்கே!

குறையும் சொல்லிரணும். 'வெண்பா' ரொம்ப சின்னது, ஒரு ரெண்டு மணித்தியாலம் கூட இல்ல. வசனம் ஆங்கிலத்துல ஓடினதால நாங்க பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பின்பகுதி கதை பெரியவங்களுக்கு, ஒரு இடத்துல எங்களுக்கே கண் கலங்கிச்சு, சின்னவன் குழம்பிப்போய் "ஏன் இப்ப சமைக்க விடலை?" என்று கேட்டான். எல்லாத்தையும் விட பெரிய குறை, அது வெளிவந்தது கம்பியூட்டருக்கும் பெரிய கேம் கன்சோலுக்கும். ஒரு பழைய ஆண்ட்ரொய்ட் போன நாலு பேர் பாவிக்கிற காம்பராவுக்கு இத வாங்கி விளையாடுங்க என்று சொல்ல எங்களுக்கு வெக்கமா இருக்கு.

அதனால கேமுடைய ஐடியாவ மட்டும் எடுத்துக்கிட்டோம். தேங்காய் ரொட்டி செய்முறைய கொப்பித் தாள்ல ஆறு துண்டா எழுதினோம். கோதும்ப மா ரெண்டு கப், தேங்காய்ப்பூ ஒரு கப், உப்பு ஒரு துண்டுல. தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குழைக்கிறது அடுத்தது. ஒரு கால் மணித்தியாலம் மூடி வைக்கிறது, உருண்டை பிடிச்சு தட்டுறது, கல்லை மிதமா காய வைக்கிறது, ரெண்டு பக்கமும் திருப்பிப் போடுறது மிச்சம். இதுல ஒரு துண்ட நாங்க ஒளிச்சு வைப்போம். எது காணாம போச்சுன்னு அவன் கண்டுபிடிக்கணும், வாயால இல்ல, செஞ்சு.

முதல் நாள் 'மூடி வைக்கிறது' துண்ட ஒளிச்சோம். குழைச்ச கையோட தட்டினான். மா விரிய மாட்டேங்குது, விரிச்சா திரும்ப சுருங்குது, ஓரமெல்லாம் வெடிக்குது. தண்ணி காணாதுன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் ஊத்தினான். கையோட ஒட்டிக்கிச்சு. பாதி மாவ அலுத்துப்போய் ஒரு கோப்பையால மூடி வச்சிட்டு தண்ணி குடிக்கப் போனான். வந்து பாத்தா அது சொன்ன பேச்சு கேக்குது! ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல சுட்டுப் பிச்சுப் பாத்தான். மூடி வச்சது மெதுவா இருந்தது. "அது தூங்கணும்" என்று துண்டுல அவனே எழுதினான். அடுத்த நாள் கல்லுச் சூட்டை ஒளிச்சோம். வெளிய கருகி உள்ளுக்கு பச்சை மா. அது அவனுக்கு உடனே பிடிபட்டுச்சு. போன்ல நூறு தடவை ரொட்டி கருகின பிள்ளைக்கு ஏன் கருகுது என்று அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

விறகடுப்புல திருப்புறதும் துருவலைல தேங்காய் துருவுறதும் பெரியவங்க வேலை. அதுல நாங்க விட்டுக்கொடுக்கல. அவன் கோவிச்சுக்கிட்டான், பரவாயில்ல.

இந்த இடத்துல அவன் அக்காவைப் பத்தியும் சொல்லணும். பதிமூணு வயசு. அம்மா பெரட்டுக்குப் போகும் முன்னால எழும்பி ரொட்டி தட்டுறது அவதான், தம்பிக்கும் சேத்து. நாங்க துண்டு துண்டா எழுதி, சிரிச்சு, போட்டோ எடுத்துக்கிட்டிருந்தத இஸ்தோப்புல இருந்து பாத்துட்டு, "நா செய்றப்ப இது வேலை, அவன் செய்றப்ப வெளையாட்டா?" என்று கேட்டா. எங்ககிட்ட பதில் இல்ல. சமையல் கேமெல்லாம் நல்லதுன்னு எழுதுற ஆக்கள் யாரும் இந்தக் கேள்விய கேட்டு நாங்க வாசிச்சதில்ல. லயத்துல பொம்பளப்புள்ளைக்கு அடுப்பு விளையாட்டு ஆகிறதுக்கு முன்னாலயே கடமையாயிருது. 'வெண்பா'ல வளர்ந்த கவின், அம்மாவுடைய தமிழ் குறிப்ப வாசிக்கத் தெரியாம தடுமாறி தடுமாறி சமைக்கிறது எங்களுக்குப் பிடிச்சதுக்குக் காரணமும் இதுதான். அங்க கரண்டி மகன் கைக்கு வருது. பிந்தித்தான், ஆனா வருது.

அதனால சட்டத்த மாத்தினோம். ஞாயித்துக்கிழமை காலைல இஸ்தோப்புல கடை. சின்னவன் சமையல்காரன், அப்பா அடுப்பப் பாக்கிற ஆள், அக்கா கஸ்டமர். கஸ்டமர் எழும்பக் கூடாது. ஒரு நேரத்துல ஒரு ஓடர்தான், அது வர எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் கேக்கக் கூடாது. மெனுல ரெண்டே ரெண்டு: ரொட்டியும் கட்டச்சம்பலும், பிளேன்டி. சின்னவன் பழைய கொப்பிய கிழிச்சு பில் போட்டான்.

முதல் ஞாயிறு ரொட்டி வர முக்கால் மணித்தியாலம் ஆச்சு. அக்கா அது வரைக்கும் சுவத்துல சாஞ்சு லைப்ரரிப் புத்தகம் ஒண்ணு வாசிச்சுக்கிட்டிருந்தா. ஒரு ரொட்டி ஓரத்துல வெடிச்சிருந்தது. அத எடுத்துப் பாத்துட்டு, "இது தூங்கல" என்று திருப்பி அனுப்பிட்டா.