டேங்கைத் திறக்கும் முன் எர்த்தை அளப்போம்

எரிபொருள் முள் ஆடுகிறது, அல்லது டேங்க் பாதி காலியான பிறகும் நிறைவிலேயே நிற்கிறது என்று வண்டி வந்தால், பெரும்பாலான பட்டறைகளில் முதல் தீர்ப்பு ‘சென்டர் போயிருக்கும்’. மாற்றியும் தீராவிட்டால் இரண்டாம் தீர்ப்பு ‘மீட்டர் போர்டு’. இரண்டுமே சில நேரம் சரியாக இருக்கும். ஆனால் இரண்டிலும் அளவை என்று ஒன்று நடப்பதில்லை. மீட்டர் போர்டுக்குப் பெட்ரோல் தெரியாது. சென்டர் வயரில் இருக்கும் வோல்ட்டேஜைப் பார்த்து, எர்த் வரைக்குமான மின்தடை எவ்வளவு என்று ஊகிப்பதுதான் அதன் வேலை. மிதவை அசைக்கும் மின்தடையோடு கப்ளர், வயர், எர்த் போல்ட்டு எல்லாமே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே டேங்கைத் திறப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்பதே இந்த உரையின் வாதம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த வண்டியில் மின்தடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. பல ஜப்பானிய வண்டிகளில் டேங்க் நிறைந்தால் சுமார் 3 ஓம், காலியானால் சுமார் 110 ஓம். விடிஓ பாணியில் அது தலைகீழ்: காலி 10 ஓம், நிறைவு 180 ஓம். இதைப் பார்க்காமல் ‘முள் நிறைவில் நிற்கிறது’ என்ற புகாருக்குப் பொருளே இல்லை. முதல் வகையில் நிறைவு என்றால் எங்கோ வயர் உரசி பாடியில் தொடுகிறது, அல்லது மிதவை மேலே சிக்கியிருக்கிறது. அங்கே எர்த் கெட்டால் மின்தடை கூடி முள் காலிப் பக்கம்தான் இறங்கும். நிறைவைக் காட்டவே காட்டாது. இரண்டாம் வகையில் அதே நிறைவுக்கு எர்த் விட்டுப்போனதோ, கப்ளர் கழன்றதோ, சென்டரின் தொடுமுனையில் படலம் ஏறியதோ காரணமாகலாம். 2004ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கந்தகம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, சென்டர்களின் வெள்ளித் தொடுமுனைகள் கெட்டன. டேங்க் காலியான பிறகும் முள் நிறைவைக் காட்டியதால் ஓட்டுநர்கள் நடுவழியில் நின்றார்கள். மின்தடை கூடினால் நிறைவு என்று படிக்கும் அமைப்பில், கருத்துப்போன தொடுமுனை வேறு எதையும் காட்டியிருக்க முடியாது.

திசை தெரிந்தபின் கப்ளரைக் கழற்றிப் பார்ப்பதற்கு அர்த்தம் வருகிறது. ஜப்பானிய வகையில் நிறைவில் நின்ற முள், கப்ளரைக் கழற்றியதும் காலிக்கு இறங்கினால், மீட்டர் போர்டும் இடையிலுள்ள வயரும் நல்ல நிலையில் உள்ளன, கோளாறு டேங்குக்குள். இறங்காவிட்டால் டேங்கைத் தொடவே வேண்டாம். விடிஓ வகையில் கழற்றினாலும் முள் நிறைவிலேயே நிற்கும் என்பதால் அந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. கப்ளரின் மீட்டர் பக்கத்தில் சென்டர் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 10 ஓம் மின்தடையை வைத்து முள் காலிக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வயரை நேரடியாக எர்த்தில் உரசிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பழைய சூடேறும் வகைக் கேஜ் அதில் கெடும். டேங்க் வாயருகே தீப்பொறி என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது முள் ஆடும் புகார். டேங்குக்குள்ளேயே பம்ப் உள்ள வண்டிகள் பலவற்றில் பம்பும் சென்டரும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கணக்குப் பார்ப்போம். மீட்டர் போர்டு 5 வோல்ட்டை 200 ஓம் வழியாகச் சென்டருக்குத் தருகிறது, பாதி டேங்கில் சென்டர் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சென்டர் வயரில் சுமார் 0.83 வோல்ட் இருக்க வேண்டும். இப்போது எர்த் போல்ட்டில் துரு ஏறி 0.1 ஓம் கூடியிருக்கிறது. பம்ப் 5 ஆம்பியர் இழுத்தால் அந்த இடத்தில் 0.5 வோல்ட் எழும். சென்டரின் அடிமட்டமே அவ்வளவு உயர்ந்துவிடும். சென்டர் வயரில் இப்போது 1.25 வோல்ட். மீட்டர் போர்டு அதைக் கிட்டத்தட்ட 67 ஓம் என்று படித்து, பாதி டேங்கைக் கால் டேங்குப் பக்கம் இறக்கிக் காட்டும். 0.1 ஓம் துரு, 27 ஓம் பிழையாக மாறிவிட்டது. குழியில் வண்டி குலுங்கும்போது துரு ஒரு நொடி நன்றாகத் தொட்டால் முள் மேலே போகும், விட்டால் கீழே வரும்.

‘மல்டிமீட்டரில் எர்த் பார்த்தோம், பூஜ்ஜியம்தான் காட்டியது’ என்பது வழக்கமான மறுப்பு. காட்டும். மீட்டரின் சொந்த வயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும்போது 0.1 ஓம் எப்படித் தெரியும்? அதுவும் பம்ப் ஓடாதபோது பார்த்தது. சரியான வழி, எஞ்சின் ஓடும்போது டேங்க் கப்ளரின் எர்த் வயரில் ஒரு முனையையும் பேட்டரி மைனஸில் மறுமுனையையும் வைத்து வோல்ட் அளப்பது. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த்தை விட்டுவிடலாம். அதற்கு மேல் எழுந்தால் சென்டரை விலை பேசாதீர்கள்.

இன்னொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: அப்படியானால் எல்லா வண்டிக்கும் சென்டரிலிருந்து பாடிக்கு ஒரு புது எர்த் வயர் போட்டுவிடலாமே? சோதனைக்குப் போடலாம், நல்ல சோதனையும் கூட. நிரந்தர வேலையாக அல்ல. சில வண்டிகளில் சென்டரின் எர்த் பாடிக்குப் போகாமல், சென்சார் எர்த் என்று தனியாக மீட்டர் போர்டுக்கோ கட்டுப்பாட்டுப் பெட்டிக்கோ திரும்புகிறது. அதைப் பாடியோடு இணைத்தால் பாடியில் ஓடும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை நாமே சென்டருக்குள் விட்டவர்களாவோம். வயரிங் படத்தைப் பார்த்துத் துருவைச் சுரண்டுவதே வேலை.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே மீட்டர் போர்டுக்கு முறை வருகிறது. கப்ளரில் தெரிந்த மின்தடைகளை ஒவ்வொன்றாக வைத்தும் முள் ஒழுங்காக நடக்காவிட்டால் வறண்ட சாலிடரையோ முள்ளை நகர்த்தும் மோட்டாரையோ சந்தேகிக்கலாம். பழைய சூடேறும் கேஜ் வண்டிகளில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே உயர்ந்து நின்றால் சென்டரைத் தொட வேண்டாம். பின்னாலுள்ள வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசரின் எர்த் விட்டு, 10 வோல்ட்டுக்குப் பதில் பேட்டரி வோல்ட் அப்படியே போகிறது. புது வண்டிகளில் ஸ்கேனர் P0462 காட்டினால் சென்டர் வயரில் வோல்ட் குறைவு, P0463 என்றால் அதிகம். அது சுற்றைத்தான் சுட்டும், உதிரிபாகத்தை அல்ல.

நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. பின் இருக்கையைத் தூக்கிக் கப்ளரை எட்ட முடிகிற வண்டியில் இந்த அளவைகள் கால்மணி நேர வேலை. டேங்கையே இறக்க வேண்டிய வண்டியில் அவை மிச்சப்படுத்துவது அரைநாள். அளவையின் முடிவில் டேங்கைத் திறக்க வேண்டி வந்தால், மிதவையைக் கையில் குலுக்கிப் பாருங்கள்: உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சத்தம் கேட்கும். அது எப்போதும் காலிப் பக்கம்தான் இழுக்கும், நிறைவுக்கு அல்ல. நிறைவில் சிக்கிய மிதவை அண்மையில் பம்ப் மாற்றிய வண்டியில் இருந்தால், பம்ப் தொகுதியைக் கொஞ்சம் திருப்பி உட்கார வைத்திருக்கிறார்களா என்று மூடியிலும் டேங்கிலும் உள்ள அம்புக்குறிகளை நேர்பார்த்துக்கொள்ளுங்கள். மிதவையின் கம்பி டேங்கின் உள்தடுப்பில் மாட்டி நிற்கும். அங்கே புது சென்டரும் அதே இடத்தில்தான் மாட்டும்.