ஊருக்கு அனுப்பும் வெள்ளி



போன வாரம் ஜாசினிலிருந்து ஓர் ஐயா நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பால்மரம் வெட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். புதுக்கோட்டைப் பக்கம் அவருடைய தாத்தா பிறந்த ஊரில், சில இளைஞர்கள் ஓர் அறக்கட்டளை வைத்து மாலை நேர வகுப்பு நடத்துகிறார்களாம். ஆரம்பித்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. "தோட்டத்து ஆளுங்கல்லாம் சேர்ந்து முப்பதாயிரம் வெள்ளி சேர்த்துட்டோம். ஊருக்குப் போறப்ப கையிலயே கொடுத்துடலாமா?" என்று கேட்டார்.

கொடுக்கக் கூடாது ஐயா என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

இந்தியாவில் அந்நிய நன்கொடைக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. அவசரநிலைக் காலத்தில், 1976இல் வந்தது. 2010இல் புதிதாக எழுதினார்கள். 2020இல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். அதன் கண்ணுக்கு மலேசியக் குடிமக்களாகிய நாம் அந்நியர்தான். ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படியே. ஊர் மண்ணிலேயே நின்று ரூபாய் நோட்டாக நீட்டினாலும் அது அந்நிய நன்கொடையாகிவிடும். இங்கே பெர்மிட்டில் வேலை செய்யும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. அனுமதி இல்லாமல் வாங்கினால் மாட்டிக்கொள்வது கொடுத்த நாமல்ல, வாங்கிய அந்த இளைஞர்கள். ஐந்து ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. மூன்றாண்டு நடந்து, அந்தக் காலத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாயைத் தன் பணிக்குச் செலவழித்த அமைப்பு நிரந்தரப் பதிவு கேட்கலாம். இளம் அமைப்புக்கு உள்ளது 'முன் அனுமதி'. இன்னார் கொடுக்கும் இவ்வளவு பணத்தை இந்த வேலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று உள்துறை அமைச்சகத்திடம் முன்கூட்டியே கேட்பது. ஐயாவின் ஊர்க்காரர்கள் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம் FC-3B.

அதற்கு உயிர்நாடி, கொடுப்பவர் எழுதித் தரும் உறுதிக் கடிதம். ஐயா கொண்டுவந்த கடிதத்தில் 'ஊர் நலனுக்காக' என்று ஒரே வரி. அது போதாது. எத்தனை ஆசிரியர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம், பெஞ்சு எத்தனை, புத்தகத்துக்கு எவ்வளவு என்று திட்டமும் தொகையும் பொருந்த வேண்டும். கொடுப்பவர் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். நாற்பது பேர் சேர்த்த பணம் ஒருவருடைய சொந்தக் கணக்கில் கிடக்கிறது; கடிதமோ 'தோட்டத்து மக்கள்' என்கிறது. வங்கியில் வந்து விழும் பெயரும் அனுமதியில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே கேள்வி எழும். பதிவு பெற்ற ஒரு சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதி, அதன் கணக்கிலிருந்தே அனுப்புங்கள் என்றேன். பாசத்தில் அந்த இளைஞர்கள் ஐயாவையே அறக்கட்டளைத் தலைவராகப் போட்டிருந்தார்கள். கொடுக்கும் சங்கத்தைச் சேர்ந்தவர் வாங்கும் அமைப்புக்குத் தலைமை தாங்க முடியாது. அந்தப் பதவியை விட வேண்டியதுதான்.

பணம் போய்ச் சேரும் இடம் புதுக்கோட்டை இல்லை, டெல்லி. பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் தனிக் கணக்குத் தொடங்கி, அதன் எண்ணை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். பக்கத்துக் கிளை மூலமாகவே தொடங்கிவிடலாம். யாரும் ரயிலேற வேண்டாம். அங்கிருந்து ஊர் வங்கிக்கு மாற்றிச் செலவழிக்கலாம். ஆனால் உள்ளூர் நன்கொடை ஒரு ரூபாய்கூட அதில் கலக்கக் கூடாது.

ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்தால் ஐயாவின் பணம் ஆறு லட்சம். அதில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 1,20,000 ரூபாய். அலுவலக வாடகை, மின்கட்டணம், தணிக்கைக் கூலி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பாடம் சொல்லித்தரும் ஆசிரியரின் சம்பளம் இதில் சேராது. அது பணியின் செலவு. இந்த வேறுபாட்டைப் பட்டியலில் பிரித்துக் காட்ட முடியாமல் திணறும் சிறு அமைப்புகள் ஏராளம். மிச்சமிருக்கிறதே என்று பக்கத்து ஊர் அறக்கட்டளைக்குக் கொஞ்சம் தள்ளிவிடவும் 2020 முதல் வழியில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் FC-4 படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும். பணம் வராத ஆண்டிலும் சுழியம் என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

விண்ணப்பித்த பிறகு விசாரணை நடக்கும். சாதாரணமாக 90 நாளில் முடிவு என்கிறது சட்டம். நான் என்றால் அதை நம்பிக் கல்வியாண்டைத் திட்டமிட மாட்டேன்.

ஐயா எல்லாவற்றையும் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"கும்பாபிஷேகத்துக்கு?"

"ஊர்க்காரங்க டிரஸ்ட் வச்சு நடத்துற கோயில்னா அதுக்கும் இதே சட்டம்தான், ஐயா."

"அப்ப போன வருஷம் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் குடையை எடுத்துக்கொண்டார்.

அன்புடன்,
ஆசிரியர்