முத்திரையின் லிட்டரும் தொட்டியின் லிட்டரும்

கழிப்பறைத் தொட்டியில் ‘6/3 லிட்டர்’ என்றிருப்பது ஒரு முறை அழுத்துவதற்கான அளவே; ஒரு நாளின் செலவன்று. 10 லிட்டர் பழைய தொட்டியை நாளுக்கு 5 முறை அழுத்துபவர் 50 லிட்டர் செலவிடுகிறார். புதியதில் 1 முழு அழுத்தமும் 4 அரை அழுத்தங்களும் எனில் 18 லிட்டர், மிச்சம் 32.

ஆனால், பழைய கோப்பையை மாற்றாமல் தொட்டியை மட்டும் மாற்றினால், அரை அழுத்தம் அதனை முழுதும் அலசாமற் போகலாம். நான்கில் இரண்டின்போது முழுப் பொத்தானையும் அழுத்த நேர்ந்தால், செலவு 30 லிட்டராகி, மிச்சம் 20 ஆகச் சுருங்கும்.

ஆகவே, விடுதிகள் முத்திரையை மட்டும் பெருக்கிச் சேமிப்பை அறிவித்தல் தகாது. நீர்வரத்து வால்வை மூடி, ஒரு முறை அழுத்தி, பழைய மட்டம்வரை அளவுக் குவளையால் நிரப்பினால் மெய்யளவு தெரியும். மறு அழுத்தங்களைப் பயன்படுத்துவோரிடம் கேட்டுக் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.