அரைக் கிலோவுக்கும் அதே உயரம்

நம் வாசகர்களில் பலருக்கு ஆர்டர் குறைவில்லை. "அந்த அக்காகிட்ட சொல்லுங்க, நல்லா செய்வாங்க" என்று ஒருவர் அடுத்தவருக்கு எண்ணைக் கொடுக்கிறார், வேலை வருகிறது. ஆனால் விருந்தில் வைத்த கேக்கைப் பார்த்து, இது இன்னாருடையது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் படத்தை அப்படியே செய்து கொடுக்கும்வரை இது மாறாது. லோகோ வரைவதற்கு முன் தோற்றத்தை முடிவு செய்யுங்கள்.

தோற்றம் என்றதும் பூவும் நாசிலும்தான் நினைவுக்கு வரும். நான் உயரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். 6 அங்குல வட்ட டின்னில் ஒரு கிலோ கேக் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்துக்குச் சீவிய மூன்று அடுக்கு, இடையில் கால் அங்குல கிரீம் இரண்டு முறை, மேலே கால் அங்குலம். மொத்தம் மூன்றே முக்கால் அங்குலம். அரைக் கிலோ ஆர்டர் வந்தால் பலரும் அதே டின்னில் பாதி மாவை ஊற்றுகிறார்கள். கேக் தட்டையாகிவிடும், படத்தில் வேறு யாரோ செய்ததுபோல இருக்கும். 4 அங்குல டின்னின் பரப்பு 6 அங்குல டின்னில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதில் செய்தால் எடை அரைக் கிலோவை ஒட்டி வரும், உயரமும் மாறாது. குறையும் சில கிராமைப் பூ வேலையும் கிரீமும் ஈடுகட்டும். தராசில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள்.

அடுத்தது நிறம். மூன்று நிறம் போதும். ஜெல் கலரைச் சொட்டுக் கணக்கில் விடாமல், நகைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். பட்டர்கிரீமில் கலந்த நிறம் சில மணி நேரத்தில் அடர்ந்துவிடும். கலந்தவுடன் சரியாகத் தெரிந்தால் மறுநாள் கூடிப்போயிருக்கும். அதனால் முதல் நாள் கலந்து, மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட் ஏமாற்றும். வெண்ணெயின் மஞ்சள் நீலத்தைப் பச்சைப் பக்கம் இழுக்கும். பிராண்டு மாற்றினால் அளவையும் புதிதாக எழுத வேண்டும். விப்பிங் கிரீமுக்குத் தனிக் கணக்கு.

"இந்தப் படம் மாதிரியே வேணும்" என்று கேட்பவரிடம், அதே கருத்தை நம் நிறத்தில், நம் உயரத்தில் செய்து தருவதாகச் சொல்லுங்கள். சிலர் வேறு இடம் போவார்கள். அந்த இழப்பைத் தாங்கினால்தான் பெயர் நிற்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஹோம்மேட் கேக்ஸ்' போலப் பொருளை வர்ணிக்கும் பெயருக்கு வணிகக் குறிப் பதிவு கிடைப்பது கடினம். கேக் 30-ஆம் வகுப்பில் வருகிறது. பதிவகத்தின் இணையத் தேடலில் அந்த வகுப்பில் உங்கள் பெயரைக் கட்டணமின்றித் தேடலாம். பெட்டி அச்சடிக்கும் முன் தேடிவிடுங்கள். பதிவு கிடைக்கும்வரை பெயருக்குப் பக்கத்தில் ™ மட்டும் போடலாம். பதிவில்லாமல் ® போடுவது சட்டப்படி குற்றம்.