வினாநிரலை மதிப்பிட ஆல்ஃபா போதாது

மாணவர் ஒருவரின் வினாநிரல் நெறியாளரின் மேசைக்கு வரும்போது, பல துறைகளில் முதலில் தேடப்படுவது குரோன்பாக் ஆல்ஃபா மதிப்புதான். அது 0.7-ஐத் தாண்டிவிட்டால் கருவி தேறிவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டியது. விடைகள் தம்முள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் ஆல்ஃபா காட்டும். கேள்விகள் அனைத்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வே விடைகளை ஒத்துப்போகச் செய்து ஆல்ஃபாவை உயர்த்திவிடக்கூடும்.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கழிப்பறைப் பயன்பாட்டை ஆராய முனையும் முதுகலை மாணவர் ஒருவரின் வரைவை எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு கேள்விகள் திறந்தவெளி மலங்கழிப்பால் பரவும் நோய்களைப் பற்றியவை. ஏழாவது, கழிப்பறை கட்ட அரசு தந்த உதவித்தொகையைப் பற்றியது. எட்டாவதுதான் ஆய்வின் உயிர்: ‘நோய் பரவாமலிருக்க, எங்கள் குடும்பத்தினர் கழிப்பறையையே பயன்படுத்துகிறோம்.’ விடை ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து படிகள் கொண்ட லிக்கர்ட் அளவுகோலில் அமைகிறது.

இங்கு முதற்பிழை ‘குடும்பத்தினர்’ என்னும் சொல்லில் உள்ளது. ஒரே வீட்டில் மருமகள் கழிப்பறைக்குச் செல்வதும் மாமனார் வயலுக்குச் செல்வதும் அங்கே இயல்பு. விடையளிப்பவர் இருவரையும் ஒரே விடைக்குள் எப்படி அடக்குவார்? 2014-இல் வட இந்திய மாநிலங்கள் ஐந்தில் நடந்த ஸ்க்வாட் ஆய்வு ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே கேட்டது. பயன்படுத்தத்தக்க கழிப்பறை உள்ள வீடுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில், ஒருவரேனும் திறந்தவெளிக்குச் செல்வது அப்போது தெரியவந்தது. பின்னர் இரு வகைக் கேள்விகளையும் வீடுகளுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் கேட்ட சோதனையில், குடும்பம் முழுமைக்குமான கேள்வியைவிடத் தனிநபர்க் கேள்வியில் திறந்தவெளி மலங்கழிப்பு ஏறத்தாழ 20 விழுக்காட்டுப் புள்ளிகள் மிகுதியாகப் பதிவானது. ஊர் மாறவில்லை, வழக்கமும் மாறவில்லை. கேள்வி மட்டுமே மாறியது.

இரண்டாவது பிழை ‘நோய் பரவாமலிருக்க’ என்னும் முன்னொட்டு. மறுத்து விடை சொல்பவர் நோயைப் பரப்புபவராகத் தம்மை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரு வழிகளையும் சமமாக வைத்தால் இந்த நெருக்கடி தளரும்: ‘சிலர் கழிப்பறைக்குச் செல்கிறார்கள், சிலர் வயல்வெளிக்குச் செல்கிறார்கள். இவர் கடைசியாக மலங்கழிக்கச் சென்றது எங்கே?’ இவ்வடிவில் எந்த விடைக்கும் வெட்கப்பட வேண்டிய தேவை குறைகிறது.

வரிசையின் பிழை இதைவிட நுட்பமானது. நோய்களைப் பற்றிய ஆறு கேள்விகளுக்கும் உதவித்தொகைக் கேள்விக்கும் விடை சொன்னவர், எட்டாவதற்கு வரும்போது தம்மை ஒரு சுகாதாரத் தேர்வில் அமர்ந்தவராகவே உணர்வார். கேட்பவரை அரசு அலுவலராகவும் எண்ணக்கூடும். பழக்கத்தைப் பற்றிய கேள்வியை முன்னும், அறிவையும் திட்டத்தையும் பற்றியவற்றைப் பின்னும் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

அளவுகோலோ அடிப்படையிலேயே பொருந்தாதது. உடன்பாடு என்பது கருத்துக்குரியது. இங்கே அளக்கப்படுவது செயல். ‘உடன்படுகிறேன்’ என்பவருக்கும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பவருக்கும் இடையே கழிப்பறைக்குச் சென்ற நாள்கள் எத்தனை கூடின என்பதை எவராலும் சொல்ல இயலாது. படித்த அந்நியர் முன்வைக்கும் கூற்றை மறுக்கத் தயங்கி, பலர் ஆமோதித்தும் விடுவர். ‘கடைசியாக எங்கே’ என்ற கேள்விக்கு இடங்களே விடைகளாக அமைவதால் இச்சிக்கல் எழுவதில்லை. அதற்கும் எல்லை உண்டு. ஒரு தடவையை மட்டும் கொண்டு ஒருவரின் வழக்கத்தை முடிவுசெய்ய இயலாது. பலரின் விடைகளைச் சேர்த்து ஊரின் நிலையை மதிப்பிடலாம்.

முன்சோதனைக்கென 60 பேரை இரு பாதியாக்கி இரண்டு வடிவங்களை ஒப்பிட்டால் போதும் என்று மாணவர்கள் நம்புவதுண்டு. பாதிக்கு 30 பேர் மட்டுமே இருக்கையில், வேறுபாடு ஏறத்தாழ 25 புள்ளிகளை எட்டினாலன்றி அது தற்செயலா என்று பிரித்தறிவது கடினம். மேலே கண்ட 20 புள்ளி வேறுபாடே அதில் தப்பிவிடக்கூடும். எட்டுப் பத்துப் பேரிடம் கேள்வியைப் படித்துக்காட்டி, தமக்கு என்ன புரிந்தது, யாரை நினைத்து விடை சொன்னார்கள் என்று கேட்பதே இந்நிலையில் அதிகப் பயன் தரும். ‘குடும்பத்தினர் என்றதும் என் மனைவியை நினைத்தேன்’ என்று ஒருவர் சொன்னாலே முதற்பிழை வெளிப்பட்டுவிடும்.

ஆகவே மதிப்பெண் வழங்கப்பட வேண்டியது வினாநிரலின் இறுதிப் படிக்கு மட்டுமன்று. ஒவ்வொரு முக்கியக் கேள்வியும் முதலில் எப்படி இருந்தது, யார் அதை எவ்வாறு தவறாகப் புரிந்துகொண்டனர், எதனால் திருத்தப்பட்டது என்னும் பதிவுக்கே பெரும்பங்கு சேர வேண்டும். சாய்ந்த கேள்வியிலிருந்து வந்த விடைகளை எந்தப் புள்ளியியல் முறையும் பின்னர் நிமிர்த்தித் தராது.